ஓட்டோ சைக்கிள் வகுப்பை இரண்டு படமும் ஒரு அட்டவணையுமாக மாற்றுவது எப்படி

வெப்ப இயக்கவியல் வகுப்பில் ஓட்டோ சைக்கிள் நடத்தி முடித்தபின் பெரும்பாலானோர் நோட்டில் மிஞ்சுவது பலகையைப் பார்த்து வரைந்த ஒரு P-v படம், அதன் மூலைகளில் 1, 2, 3, 4, பக்கத்தில் பயனுறு திறனுக்கான சூத்திரம். பத்து நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து, 2-லிருந்து 3-க்குப் போகும் செங்குத்துக் கோட்டில் வெப்பம் உள்ளே வந்ததா வெளியே போனதா, அங்கே வேலை நடந்ததா என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. நான் படித்த காலத்தில் என் நோட்டும் அப்படித்தான் இருந்தது. தேர்வுக்கு முதல்நாள் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டி வந்தது. அதன்பின் நான் பழகிக்கொண்ட முறை இது. ஒரே தாளில் P-v படம், அதன் அருகில் T-s படம், கீழே நான்கு வரி அட்டவணை. எடுத்துக்காட்டு முழுவதும் ஓட்டோ சைக்கிள்தான். வகுப்பில் 'ஆட்டோ சைக்கிள்' என்று காதில் விழும். 1876-ல் நான்கு வீச்சு இன்ஜினை ஓட வைத்த ஜெர்மானியர் நிக்கோலஸ் ஓட்டோவின் பெயர் அது.

வகுப்பில் எதைக் குறிப்பது

படத்தை வகுப்பிலேயே அழகாக வரைய வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: எது மாறாமல் இருக்கிறது, பருமன் கூடுகிறதா குறைகிறதா, வெப்பம் எந்தப் பக்கம் போகிறது.

ஆசிரியர் இவற்றை இதே சொற்களில் சொல்ல மாட்டார். இன்ஜினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார். "பிஸ்டன் வேகமாக மேலே வருகிறது, வெப்பம் வெளியேற நேரமில்லை" என்றால் அது வெப்பப் பரிமாற்றமில்லா அமுக்கம். பருமன் குறைகிறது, Q சுழி. "தீப்பொறி விழுந்ததும் பிஸ்டன் நகர்வதற்குள் எரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்" என்றால் பருமன் மாறவில்லை, வெப்பம் உள்ளே வருகிறது. "எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது" என்றால் பருமன் மாறாமல் வெப்பம் வெளியே போகிறது. வாக்கியம் காதில் விழும்போதே ஓரத்தில் "v மாறாது, Q உள்ளே" என்று எழுதிவிட்டால் படத்தின் பாதி அப்போதே கிடைத்துவிடும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இங்கேதான் இருக்கிறது. இன்ஜினில் நான்கு வீச்சுகள்: உறிஞ்சுதல், அமுக்கம், விரிவு, வெளியேற்றம். ஓட்டோ சைக்கிளில் நான்கு கட்டங்கள். நான்குக்கு நான்கு என்று ஜோடி சேர்த்து, "1-2 உறிஞ்சு வீச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு நான்குகள். 2-3, 4-1 ஆகிய இரண்டு கட்டங்களும் பிஸ்டன் மேலோ கீழோ கடைசிப் புள்ளியில் நிற்கும் கணத்தில் நடப்பதாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுக்கென்று வீச்சே இல்லை. உறிஞ்சுதலும் வெளியேற்றமும் P-v படத்தின் அடியில் ஒரே கோட்டில் போய்த் திரும்புவதாகக் கொண்டு, ஒன்றை ஒன்று கழித்துவிட்டுச் சுழற்சிக்கு வெளியே விடுகிறோம். உங்கள் அட்டவணையில் 'உறிஞ்சுதல்' என்று ஒரு வரி இருந்தால் இந்தக் குழப்பம் நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

குறி: பிளஸ் யாருக்கு, மைனஸ் யாருக்கு

எண் போடத் தொடங்கும் முன் தாளின் மேல் மூலையில் இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

`Q − W = ΔU`

அதாவது வாயுவுக்குள் வரும் வெப்பம் பிளஸ், வாயு செய்யும் வேலை பிளஸ். பொறியியல் பாடங்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படித்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேதியியல் பாடத்தில் `ΔU = q + w` என்று படித்திருப்பீர்கள். அங்கே வாயுவின் மேல் செய்யப்படும் வேலைதான் பிளஸ். இரண்டும் சரியே. ஆனால் பாதி அட்டவணையை ஒரு பழக்கத்திலும் மீதியை இன்னொன்றிலும் நிரப்பினால் கணக்கு எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எழுதி வைத்த அந்த வரிதான் காவல்.

நான்கு புள்ளிகளின் எண்கள்

எண் இல்லாமல் வரையும் படம் எந்தப் பிழையையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே வகுப்பில் கணக்கு கொடுக்காவிட்டாலும் எளிய எண்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காற்று, தொடக்கத்தில் 100 kPa, 300 K. அமுக்க விகிதம் 8. உள்ளே வரும் வெப்பம் 800 kJ. காற்றின் `cv` 0.718 kJ/kg·K, `R` 0.287 kJ/kg·K, `γ` 1.4 என்று எல்லா வெப்பநிலையிலும் மாறாமல் வைத்துக்கொள்வோம்.

1-ல் பருமன் `v = RT/P`, அதாவது 0.861 m³/kg. 2-ல் அதில் எட்டில் ஒரு பங்கு, 0.108. அடுத்து 2-ன் வெப்பநிலையும் அழுத்தமும் வேண்டும். எட்டு என்ற விகிதத்தை வேண்டுமென்றே எடுத்திருக்கிறேன். பருமனை மூன்று முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று வந்துவிடும். வெப்பப் பரிமாற்றமில்லாமல் பருமன் ஒருமுறை பாதியானால் அழுத்தம் 2.64 மடங்காகும், வெப்பநிலை 1.32 மடங்காகும். இவை 2-ன் 1.4-ஆம் அடுக்கும் 0.4-ஆம் அடுக்கும்தான். எனவே அழுத்தம் 100, 264, 696, 1838 kPa என்று ஏறும். வெப்பநிலை 300, 396, 522, 689 K என்று ஏறும். கடைசி எண்கள் 2-ன் எண்கள். நடுவில் வந்தவற்றை அழித்துவிடாதீர்கள், வளைகோடு வரைய அவைதான் வேண்டும்.

2-லிருந்து 3-க்குப் பருமன் மாறவில்லை, ஆகவே 800 kJ முழுவதும் அக ஆற்றலாகிறது. 800-ஐ 0.718-ஆல் வகுத்தால் 1114 K உயர்வு. `T3` 1803 K. பருமன் மாறாதபோது அழுத்தமும் வெப்பநிலையும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் `P3` ஏறக்குறைய 4809 kPa. 3-லிருந்து 4-க்கு அதே படிகளில் இறங்க வேண்டும்: 4809, 1822, 691, 262 kPa. `T4` 785 K.

P-v படம்

கிராஃப் தாளில் கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 0.05 m³/kg, செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 250 kPa என்று அளவு வையுங்கள். நான்கு மூலைகளையும் வைத்து, பருமன் 0.43, 0.215 ஆகிய இடங்களில் நடுப்புள்ளிகளையும் வையுங்கள். அப்புறம் 1-2, 3-4 இரண்டையும் அந்தப் புள்ளிகள் வழியாக ஸ்கேல் இல்லாமல் கையால் இணையுங்கள்.

முதல்முறை அளவோடு வரைபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: 1-ம் 4-ம் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவே, தப்பாகிவிட்டதோ? தப்பில்லை. 100-க்கும் 262-க்கும் இடையில் உள்ள தூரம் இந்த அளவில் 7 மில்லிமீட்டருக்குள்தான். பலகையில் 4-ஐ 1-க்கு மேலே நன்றாகத் தூக்கி வரைவது கண்ணுக்குத் தெரிவதற்காக. அந்த ஓவியத்தையே பார்த்துப் பழகியவருக்கு இன்ஜினின் அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் கரைந்துவிடுகிறது என்பது புலப்படாது.

இப்போது வேலையைப் படத்தில் காட்ட வேண்டும். கோட்டுக்கும் பருமன் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்புதான் வேலை. 3-4-ன் கீழே உள்ள பரப்பை லேசாகத் தீட்டி, கோட்டின் மேல் "W = +731" என்று எழுதுங்கள். 1-2-ன் கீழே உள்ள பரப்பை எதிர்ச்சாய்வில் தீட்டி "W = −279" என்று எழுதுங்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளின் கீழே பரப்பே இல்லை; அவற்றில் "W = 0" என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் சுழியா, மறந்துவிட்டதா என்று பிறகு தெரியாது. ஒவ்வொரு கோட்டிலும் அம்புக்குறி வேண்டும். மொத்தச் சுழற்சியும் கடிகாரம் சுற்றும் திசையில் போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் நீங்கள் வரைந்தது இன்ஜின் அல்ல, குளிர்பதனப் பெட்டி.

இந்த அளவில் ஒரு சதுர செ.மீ. என்பது 12.5 kJ/kg. சுழற்சிக்குள் அடைபடும் பரப்பை எண்ணிப் பாருங்கள், 36 சதுரம் வர வேண்டும். 40-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் 3-4 வளைகோட்டை நேர்க்கோடுகளாக இணைத்திருப்பீர்கள். இந்தக் கோடுகள் கீழ்ப்பக்கம் தொய்வானவை. இரு புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தால் கோடு உண்மையான வளைவுக்கு மேலே போய்ப் பரப்பு கூடிவிடும். 1-2-ஐ மூன்று நேர்க்கோட்டுத் துண்டுகளாக வரைந்தால்கூட 279-க்குப் பதில் 318 வருகிறது.

T-s படம்

பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் இரண்டில் முக்கியமான படம். P-v படத்தில் வேலை பரப்பாகக் கண்ணில் படுகிறது. வெப்பம் அங்கே எங்கும் தெரியாது. வெப்பத்தைப் பரப்பாகக் காட்டுவது T-s படம்.

1-லிருந்து 2-க்கு வெப்பப் பரிமாற்றம் இல்லை, உராய்வும் இல்லை என்று கொள்வதால் என்ட்ரோபி மாறாது, கோடு செங்குத்து. 3-4-ம் அப்படியே. ஆக, P-v படத்தில் வளைந்தவை இங்கே நிமிர்கின்றன, அங்கே நிமிர்ந்தவை இங்கே வளைகின்றன. 1-க்கும் 2-க்கும் s-ஐச் சுழி என்று வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் மட்டும்தான் தேவை. 2-லிருந்து 3-க்கு `Δs = cv ln(T3/T2)`, அது 0.69 kJ/kg·K. 4-லிருந்து 1-க்குத் திரும்பும்போது அதே 0.69 குறைய வேண்டும். குறையவில்லை என்றால் சுழற்சி மூடவில்லை, `T4`-ல் பிழை இருக்கிறது.

அளவு: கிடையாக 1 செ.மீ.க்கு 0.1 kJ/kg·K, செங்குத்தாக 1 செ.மீ.க்கு 100 K. வெப்பநிலை அச்சு 0 K-லிருந்து தொடங்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க 300-லிருந்து தொடங்கினால் படம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு வெப்பமாக இருக்காது.

2-3 வளைகோட்டுக்கும் ஒரு நடுப்புள்ளி வேண்டும். s பாதி தூரம் போன இடத்தில் வெப்பநிலை 689-ஐயும் 1803-ஐயும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம், 1115 K. கூட்டிப் பாதியாக்கினால் 1246 வரும். அது நேர்க்கோட்டின் நடு, வளைகோட்டின் நடு அல்ல. 4-1-க்கு அதேபோல 485 K. இவையும் தொய்ந்த வளைவுகளே.

இந்த அளவில் ஒரு சதுர செ.மீ. 10 kJ/kg. 2-3-க்குக் கீழே 0 K வரை 80 சதுரம்: அது உள்ளே வந்த வெப்பம். 1-4-க்குக் கீழே ஏறக்குறைய 35 சதுரம்: அது வெளியே போன வெப்பம். நடுவில் அடைபட்டது 45 சதுரம். P-v படத்தில் எண்ணிய 36 சதுரத்தை 12.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதுவும் 450-ஐ ஒட்டி வரும். இரண்டு படங்களும் தனித்தனியாக ஒரே எண்ணைச் சொல்லும் இந்த இடத்துக்காகவே இரண்டையும் அருகருகே வரையச் சொல்கிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். இடது செங்குத்துக் கோட்டின் நீளம் 389 K, வலது கோட்டின் நீளம் 1018 K. இவற்றை `cv`-ஆல் பெருக்கினால் 279, 731: அமுக்கவும் விரியவும் ஆன வேலை. வலது கோடு நீளமாக இருப்பதால்தான் இன்ஜின் நமக்கு வேலை தருகிறது. வெப்பம் கொடுக்காவிட்டால் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும்.

அட்டவணை

இதை நிரப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சுழிகளை எழுதுங்கள்: 1-2, 3-4-ல் Q சுழி, 2-3, 4-1-ல் W சுழி. அடுத்து ΔU நிரல் முழுவதும், `cv` பெருக்கல் வெப்பநிலை மாற்றம். மீதிக் கட்டங்கள் மேல் மூலையில் எழுதிய சமன்பாட்டிலிருந்து தாமாக விழும். எல்லாம் kJ/kg.

| கட்டம் | எது மாறாது | Q | W | ΔU |
|---|---|---|---|---|
| 1-2 அமுக்கம் | s | 0 | −279 | +279 |
| 2-3 வெப்பம் உள்ளே | v | +800 | 0 | +800 |
| 3-4 விரிவு | s | 0 | +731 | −731 |
| 4-1 வெப்பம் வெளியே | v | −348 | 0 | −348 |
| மொத்தம் | | +452 | +452 | 0 |

ஒவ்வொரு வரியிலும் Q-லிருந்து W-ஐக் கழித்தால் ΔU வர வேண்டும். கீழ் வரியில் ΔU சுழியாக வேண்டும், ஏனென்றால் வாயு தொடங்கிய நிலைக்கே திரும்பிவிட்டது. Q மொத்தமும் W மொத்தமும் சமமாக வேண்டும். வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் கீழே ΔU மட்டும் சுழியாகவில்லை என்றால் ஏதோ ஒரு வரியில் வெப்பநிலை மாற்றத்தைத் தப்பாகக் கழித்திருக்கிறீர்கள். ஒரு வரி மட்டும் ஒத்துவரவில்லை என்றால் அது குறிப் பிழை. மேலே தசமங்களை விட்டிருப்பதால் ஒன்றிரண்டு kJ முன்பின் வந்தால் பதற வேண்டாம்.

பயனுறு திறன் 452-ஐ 800-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 56.5 சதவீதம். வகுப்பில் எழுதிய `1 − 1/r^(γ−1)` சூத்திரத்தில் r-க்கு 8 போட்டாலும் இதே எண்தான் வரும். சூத்திரத்தில் 800 எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வெப்பத்தை 400 ஆக்கி அட்டவணையை மறுபடி போட்டாலும் திறன் மாறாது. படம் மட்டும் ஒல்லியாகும். இது மாறாத `cv` என்ற அனுமானத்தின் பலன். உண்மையில் 1800 K காற்றின் `cv` 300 K காற்றினுடையதைவிட அதிகம், சிலிண்டர் சுவர் வழியாகவும் வெப்பம் போகிறது, எரிவதற்கும் நேரம் பிடிக்கிறது. சாலையில் ஓடும் இன்ஜினின் திறன் 56-ஐவிட நன்றாகக் குறைவு. ஆகவே தாளின் அடியில் "காற்று மட்டும், cv மாறாது" என்று எழுதி வையுங்கள்.

அடுத்த வகுப்பில் டீசல் வரும்போது

தாளைப் புதிதாக யோசிக்க வேண்டாம். மாறுவது 2-3 வரி மட்டும். எரியும்போது அழுத்தம் மாறாமல் பிஸ்டன் நகர்கிறது, ஆகவே P-v படத்தில் அது கிடைக்கோடு. அங்கே W சுழி அல்ல. அமுக்க விகிதம் 18, எரியும்போது பருமன் இரட்டிப்பாகிறது என்றால் `T2` 953 K, `T3` 1907 K. Q-க்கு இப்போது `cp` (1.005) போட வேண்டும்: 958. வேலை `R` பெருக்கல் 953, அதாவது 274. ΔU 684. ஓட்டோ பழக்கத்தில் Q-க்கு `cv` போட்டால் 684 வரும், வேலை 274 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். வரி மூடாததை வைத்தே பிழையைப் பிடித்துவிடலாம். T-s படத்தில் 2-3 வளைவு ஓட்டோவில் இருந்ததைவிடச் சற்றுச் சாய்வு குறைந்து போக வேண்டும்.

ராங்கின் சைக்கிளுக்கு மட்டும் இந்தத் தாளை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே நீரும் நீராவியும் பம்ப், கொதிகலன், டர்பைன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. மூடிய சிலிண்டர் கிடையாது. ΔU நிரலின் தலைப்பை Δh என்று மாற்ற வேண்டும். வேலை என்பதும் பருமன் அச்சை நோக்கிய பரப்பு அல்ல, அழுத்த அச்சை நோக்கிய பரப்பு. பம்ப் 10 kPa நீரை 3000 kPa-க்கு ஏற்றுகிறது என்றால் நீரின் பருமன் 0.001 m³/kg, அதை 2990-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 3 kJ-தான் செலவு. ராங்கின் T-s படத்தில் பம்ப்புக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு புள்ளிகள் அளவோடு வரைந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவது இதனால்தான். அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் போட்டு அந்த மூலையை மட்டும் பெரிதாக வரையுங்கள்.